படுக்கையில் இருக்கும் முதியவருக்குச் சோடியம் 162 என்று வந்தால் என்ன பொருள்?

பல மாதங்களாகப் படுக்கையில் இருக்கும் ஒருவர் இரண்டு மூன்று நாளாக எழுப்பினால் மட்டும் கண் திறக்கிறார். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 162 என்று வருகிறது. வீட்டில் இருப்பவர்கள் உடனே கேட்பது இதுதான்: "உப்பைக் குறைத்துத்தானே கொடுக்கிறோம், எப்படி ஏறியது?" அடுத்த வேளையிலிருந்து மிச்சமிருந்த உப்பும் நின்றுவிடுகிறது. ஆனால் உப்பை நிறுத்தியதால் அந்த எண் இறங்குவதில்லை. ஏன் இறங்குவதில்லை என்பது புரிந்துவிட்டால், அந்த ரிப்போர்ட்டில் உள்ள மற்ற எண்களும் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கும்.

## அந்த எண் எதை அளக்கிறது

ரிப்போர்ட்டில் வரும் சோடியம் ஒரு செறிவு. ஒரு லிட்டர் ரத்தநீரில் எத்தனை மில்லிமோல் சோடியம் கரைந்திருக்கிறது என்பதையே அது சொல்கிறது. உடலில் மொத்தம் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. வழக்கமான அளவு 135 முதல் 145 வரை. சில ரிப்போர்ட்டுகளில் mmol/L என்றும் சிலவற்றில் mEq/L என்றும் இருக்கும். சோடியத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

அடுப்பில் வைத்த உப்புநீர் வற்றினால் கரிப்பு கூடுகிறது. யாரும் புதிதாக உப்புப் போடவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. படுக்கையில் இருக்கும் முதியவருக்குச் சோடியம் ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான். அவர் உடலில் உள்ள மொத்தச் சோடியம் இயல்பாகவே இருக்கலாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்திருந்தால் இயல்பைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆகவே 162 என்பதை "உப்பு ஏறிவிட்டது" என்று படிக்காமல், "தண்ணீர் இவ்வளவு குறைந்துவிட்டது" என்று படிக்க வேண்டும்.

செறிவு கூடினால் ஏன் மயக்கம் வருகிறது? ரத்தம் செறிவாகும்போது செல்களுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. மூளைச் செல்களும் சுருங்குகின்றன. அதனால்தான் முதலில் தெரிவது வாய் வறட்சியோ ரத்த அழுத்தக் குறைவோ அல்ல, தூக்கமும் குழப்பமும். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவராக இருந்தால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருப்பார்" என்று அந்த மாற்றம் கடந்து போய்விடுகிறது. எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான். நேற்று பேசியவர் இன்று பேசவில்லை என்றால், அது முதுமையின் வேகம் அல்ல.

## இரண்டு காவல்கள், அதில் ஒன்று உடைகிறது

உடல் தன் நீரைக் காக்க இரண்டு வழிகள் வைத்திருக்கிறது. ஒன்று சிறுநீரகம்: மூளையிலிருந்து வரும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சொன்னபடி, சிறுநீரைச் சுருக்கி, தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இன்னொன்று தாகம்.

இந்த இரண்டும் சமமானவை அல்ல. சிறுநீரகம் இழப்பைக் குறைக்க முடியுமே தவிர, போன தண்ணீரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கழிவை வெளியேற்ற நாளுக்கு அரை லிட்டர் அளவு சிறுநீராவது போயே தீரும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இன்னும் அரை லிட்டருக்கு மேல் போகும். காய்ச்சல் இருந்தால் அதற்கும் மேல். இதை நிரப்புவது குடிக்கும் தண்ணீர் ஒன்றே. அதனால்தான் தாகம் தெரிந்து, தண்ணீரை எடுத்துக் குடிக்க முடிகிற ஒருவருக்குச் சோடியம் 150-ஐத் தாண்டுவது அரிது. தாண்டியிருந்தால், தாகத்துக்கும் டம்ளருக்கும் நடுவில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது.

முதுமையில் தாக உணர்வு மங்குகிறது. சிறுநீரைச் சுருக்கும் திறனும் இளமையில் இருந்த அளவுக்கு இருப்பதில்லை. தசை குறைவதால் உடலில் சேமிப்பாக இருக்கும் நீரும் குறைவு. இதன்மேல் படுக்கை வாழ்க்கை சேர்கிறது: கை எட்டாது, கேட்க வாய் வராது, விழுங்கினால் புரையேறும். படுக்கை நனையுமே என்று அவரே கொஞ்சமாகக் குடிப்பதும் உண்டு. கவனிப்பவர் அதே காரணத்துக்காக மாலைக்குப் பிறகு தண்ணீரை நிறுத்துவதும் உண்டு.

அப்புறம் ஒரு சுழல் தொடங்குகிறது. சோடியம் ஏற ஏறத் தூக்கம் கூடுகிறது. தூங்குபவருக்கு யாரும் தண்ணீர் கொடுப்பதில்லை. சோடியம் இன்னும் ஏறுகிறது.

## ஒரு ரிப்போர்ட்டைப் படிப்போம்

விளக்கத்துக்காக ஒரு நேர்வை வைத்துக்கொள்வோம். 78 வயதுப் பெண், எடை 45 கிலோ, பக்கவாதத்துக்குப் பிறகு ஓராண்டாகப் படுக்கை. ஒரு வாரமாகச் சாப்பாடும் தண்ணீரும் குறைவு, நான்கு நாளாக லேசான காய்ச்சல். இன்றைய எண்கள்: சோடியம் 162, யூரியா 96, கிரியேட்டினின் 1.3, சர்க்கரை 138, ஹீமோகுளோபின் 13.1. மூன்று மாதம் முன்பு இதே பெண்ணுக்குச் சோடியம் 139, யூரியா 24, கிரியேட்டினின் 0.6, ஹீமோகுளோபின் 11.2.

பழைய ரிப்போர்ட் கையில் இருப்பது எவ்வளவு உதவும் என்பதை இந்த இரண்டு வரிகளே காட்டும். இனி வரிசையாகப் படிக்கலாம்.

1. எண் உண்மையானதா? டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையிலிருந்தே ரத்தம் எடுத்திருந்தால், ஏறும் திரவம் கலந்து எண்ணை மாற்றிவிடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ரத்தத்தில் புரதம் மிகவும் குறைந்தவர்களுக்கு, பெரிய ஆய்வகங்களில் மாதிரியை நீர்த்து அளக்கும் இயந்திரங்கள் சோடியத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டும். ரத்த வாயுப் பரிசோதனை இயந்திரம் நீர்க்காமல் நேராக அளப்பதால் அந்தப் பிழை வராது. நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆல்புமின் குறைவது சகஜம் என்பதால், 147, 148 போன்ற எல்லையோர எண்களில் இதை நினைவில் வைக்க வேண்டும். 162-ஐ இதனால் மட்டும் விளக்கிவிட முடியாது.

2. சர்க்கரை எவ்வளவு? இந்தப் பெண்ணுக்கு 138, கணக்கை மாற்றாது. ஆனால் 600 இருந்திருந்தால் கதை வேறு. மிகுந்த சர்க்கரை செல்களிலிருந்து நீரை இழுத்து ரத்தத்தில் சேர்ப்பதால் சோடியம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். 100-க்கு மேல் ஒவ்வொரு 100 சர்க்கரைக்கும் சோடியத்தோடு சுமார் 2 சேர்த்துப் படிப்பது வழக்கம். அதாவது சர்க்கரை 600, சோடியம் 150 என்றால் உண்மையான நிலை 160-ஐ ஒட்டியது. அந்த 150-ஐப் பார்த்து "கொஞ்சம்தான் கூடுதல்" என்று நினைப்பது பெரிய தவறாகிவிடும்.

3. யூரியாவும் கிரியேட்டினினும் என்ன சொல்கின்றன? இங்கேதான் குடும்பங்கள் அதிகம் பயந்துபோகின்றன, "கிட்னி ஃபெயிலியர்" என்று. இரண்டும் ஏறியிருப்பது உண்மை. ஆனால் எந்த அளவில் ஏறின என்று பாருங்கள்: யூரியா நான்கு மடங்கு, கிரியேட்டினின் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். நீர் குறையும்போது சிறுநீரகம் தண்ணீரோடு யூரியாவையும் சேர்த்துத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. கிரியேட்டினினை அப்படி இழுப்பதில்லை. அதனால் யூரியா முந்திக்கொண்டு ஓடுகிறது. யூரியாவைக் கிரியேட்டினினால் வகுத்தால் இங்கே 74 வருகிறது. 40-ஐத் தாண்டினாலே நீர்க்குறைவை நினைக்க வேண்டும். (யூரியாவுக்குப் பதில் BUN என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அந்த எல்லை 20. யூரியா எண் BUN-ஐப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம்.) குடலில் ரத்தக் கசிவு இருந்தாலும், ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாலும் யூரியா மட்டும் ஏறும் என்பதால் கறுப்பு மலம் போகிறதா என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. கிரியேட்டினின் 1.3 என்பது பல ஆய்வகங்களின் எல்லையை லேசாகத்தான் தாண்டுகிறது. "பரவாயில்லை" என்று தோன்றும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்துபோன ஒருவருக்கு அது 0.6 என்று இருப்பதே இயல்பு. அவருக்கு 1.3 என்றால், சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் பாதிக்கும் கீழே போயிருக்கிறது என்று பொருள்.

4. ஹீமோகுளோபின் ஏன் ஏறியது? சத்துக் கூடியதால் அல்ல. ரத்தநீர் சுருங்கியதால் எல்லாமே அடர்த்தியாகத் தெரிகிறது. தண்ணீர் ஏற்றிய மூன்றாம் நாள் அது 11-க்கு வரும்போது, ரத்தம் எங்கோ போகிறது என்று திடுக்கிட வேண்டியதில்லை. பழைய நிலைக்குத்தான் வந்திருக்கிறது.

5. சிறுநீர் என்ன சொல்கிறது? காரணத்தைப் பிரித்துக் காட்டுவது இதுதான். சோடியம் இவ்வளவு ஏறியிருக்கும்போது நல்ல சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைத்து, சிறுநீரைச் சுருக்க வேண்டும். சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைபொருள் செறிவு, 600-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது. குடிப்பது போதவில்லை, அல்லது குடல், தோல் வழியாக நீர் போகிறது. 300-க்குக் கீழே இருந்தால் வாசோப்ரெசின் சுரக்கவில்லை, அல்லது சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படவில்லை. நடுவில் இருந்தால் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, மிகுந்த சர்க்கரை, மூக்குக் குழாய் உணவின் அதிகப் புரதத்தால் வரும் யூரியா இவற்றைத் தேட வேண்டும். நம் நேர்வில் அது 680. குடிக்காததுதான் காரணம் என்பதோடு பொருந்துகிறது.

இதன் வீட்டு வடிவம் டயப்பர். நாக்கு வறண்டு, குறைவாக, அடர்மஞ்சளாகச் சிறுநீர் போனால் கணக்கு நேராக இருக்கிறது. நாக்கு வறண்டிருந்தும் டயப்பர் வெளிறிய சிறுநீரால் நிரம்பிக்கொண்டே இருந்தால், தண்ணீர் சிறுநீரகம் வழியாகவே தப்பிக்கிறது. அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தோலைக் கிள்ளிப் பார்ப்பதை முதியவர்களிடம் நம்ப வேண்டாம். வயதானால் தோல் எப்படியும் தளர்ந்திருக்கும். அக்குள் காய்ந்திருப்பது அதைவிட உதவும்.

## எத்தனை லிட்டர் குறைவு?

இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு.

```
நீர்க்குறைவு (லிட்டர்) = மொத்த உடல்நீர் × (சோடியம் ÷ 140 − 1)
```

முதிய பெண்களுக்கு மொத்த உடல்நீர் எடையில் சுமார் 45 சதவீதம், முதிய ஆண்களுக்குச் சுமார் 50 சதவீதம். 45 கிலோ பெண்ணுக்கு அது ஏறத்தாழ 20 லிட்டர். 162-ஐ 140-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் 0.157. பெருக்கினால் 3.2 லிட்டர்.

மூன்று லிட்டர் என்றதும் யாரோ பல நாள் தண்ணீரே கொடுக்கவில்லை என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நாளுக்கு 1.1 லிட்டர் வெளியே போகிறது, உணவையும் சேர்த்து 600 மில்லி உள்ளே போகிறது என்றால் நாளுக்கு அரை லிட்டர் துண்டு விழுகிறது. ஆறேழு நாளில் மூன்று லிட்டரைத் தாண்டிவிடும். இரண்டு டம்ளர் குறைந்ததுதான், ஆனால் ஒவ்வொரு நாளும் குறைந்தது. காய்ச்சல் வந்தால் இன்னும் சீக்கிரம்.

இந்தச் சூத்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு: அது உப்புச் சேராத தனித் தண்ணீரின் குறைவை மட்டும் சொல்கிறது. வயிற்றுப்போக்கில் தண்ணீரும் உப்பும் சேர்ந்து போயிருந்தால், மொத்த இழப்பு இதைவிட அதிகம்.

## சலைன் ஏறுகிறது, சோடியம் இறங்கவில்லையே?

மருத்துவமனையில் சேர்த்த மறுநாள் வரும் கேள்வி இது. சாதாரண சலைன் எனப்படும் 0.9 சதவீத உப்புநீரில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. 162 உள்ள உடலில் 154 உள்ள நீரைச் சேர்த்தால் எவ்வளவு இறங்கும்? இந்தப் பெண்ணுக்கு ஒரு லிட்டருக்கு அரைப் புள்ளிக்கும் குறைவு. ரத்த அழுத்தம் விழுந்திருந்தால் முதலில் சலைன்தான் சரி. சுற்றோட்டத்தைக் காப்பது முதல் வேலை. அழுத்தம் நிலைப்பட்ட பிறகும் அதையே தொடர்ந்தால் சோடியம் அங்கேயே நிற்கும்.

இறக்குவது தனித் தண்ணீர். மூக்குக் குழாய் வழியாக வயிற்றுக்குக் கொடுக்கும் தண்ணீர் முதல் வழி. அது முடியாதபோது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்: அதில் உள்ள சர்க்கரையை உடல் எரித்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது இந்தப் பெண்ணுக்கு லிட்டருக்குச் சுமார் 7 முதல் 8 புள்ளி இறக்கும். சர்க்கரை ஏறுகிறதா என்று கூடவே பார்க்க வேண்டும்.

சரி, 3.2 லிட்டரையும் ஒரே மூச்சில் ஏற்றிவிடலாமே? கூடாது. சோடியம் இரண்டு நாளுக்கு மேல் ஏறியே இருந்தால், சுருங்கிய மூளைச் செல்கள் தம்முள் சில கரைபொருள்களைச் சேர்த்துக்கொண்டு பழைய பருமனுக்குத் திரும்பியிருக்கும். அந்த நிலையில் ரத்தத்தைத் திடீரென நீர்த்தால் தண்ணீர் செல்லுக்குள் பாய்ந்து மூளை வீங்கலாம். இந்த ஆபத்து தெளிவாகக் காணப்பட்டது பெரும்பாலும் குழந்தைகளிடம். பெரியவர்களிடம் அது எவ்வளவு பெரியது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மிக மெதுவாக இறக்குவதும் தீங்கே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொதுவான நடைமுறை, நாளுக்கு 10 புள்ளியை ஒட்டி இறக்குவது.

நம் நேர்வில் முதல் நாள் இலக்கு 152. அதற்கு 1.3 லிட்டர் தண்ணீர். ஆனால் அன்றும் மூச்சிலும் தோலிலும் சிறுநீரிலும் ஒரு லிட்டர் போகும். அதையும் சேர்த்தால் மொத்தம் 2.3 லிட்டர். இந்தத் தொடரும் இழப்பை விட்டுவிடுவதுதான் கணக்கு பொய்ப்பதற்கு அடிக்கடி காரணம். எப்படியும் சூத்திரம் ஒரு தொடக்கமே. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியத்தை மீண்டும் பார்த்து வேகத்தை மாற்றுவார்கள்.

வீட்டில் செய்யக் கூடாத ஒன்று: தூக்கத்தில் இருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றுவது. அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். விழித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, விழுங்குகிறார் என்றால் மட்டும் சிறிது சிறிதாக.

## ஏன் குடிப்பதை நிறுத்தினார்?

தண்ணீரை நிரப்புவது பாதி வேலை. ஒரு வாரம் முன்பு வரை குடித்தவர் ஏன் நிறுத்தினார் என்பது மீதி. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, புதிய பக்கவாதம், புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை, வாய்ப்புண் அல்லது நாக்கில் பூஞ்சை, கடும் மலச்சிக்கல் எல்லாம் இதில் வரும். நம் நேர்வில் நான்கு நாள் காய்ச்சல் அந்தப் பக்கம் கை காட்டுகிறது. சோடியம் 145-க்கு வந்தபிறகும் மயக்கம் தெளியவில்லை என்றால், எண்ணைத் திருத்தினோம், நோயைத் திருத்தவில்லை என்று பொருள்.

இதே எண்ணைச் சிலர் "சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்பதற்கு ஆதாரமாகவும் படிக்கிறார்கள். முதியோர் இல்லங்களிலிருந்து வருபவர்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்படுவது நியாயமே. தண்ணீர் கொடுக்க ஆளில்லாததால் சோடியம் ஏறுவது உண்மையில் நடக்கிறது. ஆனால் எண் மட்டும் அதைச் சொல்லாது. தண்ணீர் கொடுக்கப்படவில்லையா, கொடுத்தும் விழுங்க முடியவில்லையா, குடித்தும் சிறுநீரில் போய்விட்டதா என்பதைச் சிறுநீரின் செறிவும், முந்தைய ரிப்போர்ட்டின் தேதியும், அன்றன்று எழுதிவைத்த கணக்கும் சேர்ந்துதான் சொல்லும். இரவும் பகலும் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு மகளிடம் அந்த மூன்றையும் பார்க்காமல் பழியைப் போடுவது கொடுமை.

இன்னொரு சூழலும் உண்டு. வாழ்வின் கடைசி நாட்களில் உடல் தானே குடிப்பதை நிறுத்துகிறது. அங்கே ஏறும் சோடியம் முடிவின் காரணமாக இல்லாமல் முடிவின் பகுதியாக இருக்கலாம். குழாயும் ஊசியும் வேண்டுமா, வாயை நனைத்து வலியில்லாமல் வைத்திருந்தால் போதுமா என்பதைக் குடும்பமும் மருத்துவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். 162 என்ற எண் அந்த முடிவை எடுத்துக் கொடுக்காது.

## வீடு திரும்பிய பிறகு

எடைக்கு ஒரு கிலோவுக்கு நாளுக்கு சுமார் 30 மில்லி நீர் என்பது தோராயமான அளவு. 45 கிலோவுக்கு 1,350 மில்லி. இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் இதைக் குறைப்பார். காய்ச்சல் வந்தால் கூட்டுவார்.

மூக்குக் குழாயில் உணவு போகிறவர்களிடம் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. ஒரு லிட்டர் உணவு கொடுத்தால் ஒரு லிட்டர் தண்ணீர் கொடுத்ததாக எழுதிவிடுகிறார்கள். ஒரு மில்லிக்கு ஒரு கலோரி தரும் வழக்கமான குழாய் உணவில் சுமார் 85 சதவீதமே தண்ணீர். அடர்த்தியான வகைகளில் இன்னும் குறைவு. ஆகவே ஒரு லிட்டர் உணவில் கிடைப்பது 850 மில்லி. மீதி 500 மில்லியைத் தனித் தண்ணீராக, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் குழாயைக் கழுவும்போது பிரித்துக் கொடுக்க வேண்டும்.

உள்ளே போனது எவ்வளவு, எத்தனை டயப்பர், என்ன நிறம் என்ற மூன்றையும் நாள்தோறும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சோடியத்தை ஒரு வாரத்தில் மீண்டும் பாருங்கள். அதற்குள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தாலும், பகலில் புதிதாகத் தூக்கம் கூடினாலும், அந்த ஒரு வாரத்துக்குக் காத்திருக்காமல் அன்றே பார்க்க வேண்டும்.